நிரல் ஏன் 4100-இல் தொடங்குகிறது?

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் ஆய்வகக் கையேடுகளில் பல 8085 நிரல்கள் 4100 என்ற முகவரியில் தொடங்கும். அந்த எண்ணுக்குக் காரணம் இரண்டு கம்பிகள். 8085-இன் 16 முகவரிக் கம்பிகள் 65,536 இடங்களைச் சுட்டும். ரீசெட் ஆனதும் அது 0000-இலிருந்தே கட்டளை தேடும். ஆகவே மின்சாரம் போனாலும் அழியாத ரோம் அங்கே இருந்தாக வேண்டும். எட்டு கிலோபைட் ரோம் ஒன்றும் அதே அளவு ராம் ஒன்றும் வைத்தால், ஏ0 முதல் ஏ12 வரை சிப்புகளுக்கு நேரே போய்விடும். எந்தச் சிப் பேச வேண்டும் என்பதை மிச்சக் கம்பிகள் முடிவு செய்யும். சிப்பை எழுப்பும் கால் 0 ஆனால்தான் விழிக்கும் என்பதால், ஆர் கேட்டுகளும் ஒரு நாட் கேட்டும் போதும்:

```
ROM_CS = A15 OR A14
RAM_CS = A15 OR (NOT A14)
```

ஏ15 0, ஏ14 1 என்றால் ராம் விழிக்கும். அதன் முதல் முகவரி 4000. முதல் 256 இடங்களை மானிட்டர் நிரலுக்கு விட்டால் நமக்கு 4100.

ஏ13 எங்கே போயிற்று என்று கேட்கலாம். அதை எந்தக் கேட்டும் பார்ப்பதில்லை. ஆகவே 4100-இல் 55 எழுதினால் 6100-இலும் 55 தெரியும். இதை அரைகுறை வேலை என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரே சிப் இரண்டு பெயருக்குப் பதில் சொல்வதால் யாருக்கும் நட்டமில்லை. இரண்டு சிப்புகள் ஒரே பெயருக்குப் பதில் சொல்வதுதான் ஆபத்து. நாளை 6000-இல் இன்னொரு ராமைப் பழைய கேட்டுகளை மாற்றாமல் செருகினால், படிக்கும்போது ஒன்று 0-வையும் மற்றொன்று 1-ஐயும் ஒரே டேட்டா கம்பியில் தள்ளும். மதிப்பு கெடும், சிப் சுடும். விரிவாக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் ஏ13-ஐயும் சேர்த்தால் போதும்.

மன்னிக்க முடியாத சிக்கனம் வேறொன்று: ஐஓ/எம் கம்பியை விட்டுவிடுவது. போர்ட் கட்டளையில் 8085 எட்டு பிட் போர்ட் எண்ணை முகவரியின் மேல் பாதியிலும் கீழ்ப் பாதியிலும் வைக்கும். 8255-ஐ 40 முதல் 43 வரை வைத்திருந்தால், அதன் கட்டுப்பாட்டுப் பதிவகத்துக்கு அனுப்பும் `OUT 43` பஸ்ஸில் 4343 என்று தெரியும். நம் கேட்டுகளுக்கு அது ராம் முகவரியே. எழுதும் சிக்னலும் அப்போது வருகிறது. போர்ட்டுக்குப் போன பைட் 4343-இலும் விழும். சின்ன நிரலில் அந்த இடம் காலியாகக் கிடப்பதால் யாரும் கவனிப்பதில்லை. நீண்ட அட்டவணை அங்கே வந்த அன்று ஒரே ஒரு பைட் மட்டும் மாறியிருக்கும். பழியோ நிரலின் மேல். 4343-இல் AA எழுதி, வேறொரு மதிப்பை `OUT 43` கொடுத்து, திரும்பப் படித்தால் குட்டு வெளிப்படும். கேட்டுகளுக்குப் பதில் 74138 டிகோடரைப் போட்டு, ஏ15, ஏ14, ஏ13 மூன்றையும் அதன் தேர்வுக் கால்களுக்குத் தந்து, 0-இல் இயங்கும் எனேபிள் காலில் ஐஓ/எம்மை இணைத்தால் நினைவகம் போர்ட் கட்டளைகளைக் கண்டுகொள்ளாது. இரட்டைப் பெயரும் கூடவே ஒழியும்.