தொட்டிக் கணக்கும் ஆறு வாரமும்

சில ஆண்டுகளுக்கு முன், கூடலூர்ப் பக்கத்திலிருந்து பேருந்தில் வந்து படித்த ஒரு மாணவன் தன் கணித நோட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். இயற்பியல் பட்டப் படிப்பில் துணைப்பாடமாக வரும் கணிதத்தில் அவனுக்கு அரியர் விழுந்திருந்தது. நோட்டைப் புரட்டிய எனக்கு வியப்பு. பகுதித் தொகையிடலில் மட்டும் அறுபது கணக்குகள்; எல்லாம் சரி. அடுத்து ஐகன் மதிப்புகள், அவையும் சரி. "சார், வீட்டில் எல்லாம் வருகிறது. அங்கே கேள்வியைப் பார்த்தால் எதைப் போடுவதென்று தெரியவில்லை" என்றான்.

குற்றம் அவனுடையதன்று, நான் கொடுத்த திட்டத்தினுடையது. முதல் இரண்டு வாரம் நுண்கணிதம், அடுத்த இரண்டு வாரம் நேரியல் இயற்கணிதம், கடைசி இரண்டு வாரம் வகைக்கெழுச் சமன்பாடுகள் என்று பாடத்திட்ட வரிசையில் நான்தான் பிரித்துக் கொடுத்திருந்தேன். பார்வைக்கு ஒழுங்கான இத்திட்டத்தில் இரு ஓட்டைகள் உண்டு. தேர்வு நாள் வரும்போது முதல் வாரத்தில் படித்தது மறந்திருக்கும் என்பது ஒன்று. 'பகுதித் தொகையிடல்' என்ற தலைப்பின்கீழ் உள்ள கணக்குக்கு எந்த முறை என்று யோசிக்க வேண்டியதே இல்லை என்பது மற்றொன்று. தேர்வுத் தாளிலோ தலைப்பு இராது.

இந்த இரண்டாவது ஓட்டை எவ்வளவு பெரியது என்பதை அமெரிக்காவின் தென் புளோரிடாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டக் ரோரர், கெல்லி டெய்லர் என்னும் இருவர் 2007-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு காட்டியது. நான்கு வகைத் திண்மங்களின் கன அளவைக் காணக் கல்லூரி மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தனர். ஒரு குழு வகைவகையாகப் பிரித்துப் பயின்றது; மற்றொரு குழு அதே கணக்குகளைக் கலந்து பயின்றது. பயிற்சியின்போது பிரித்துப் பயின்றோர் 89 விழுக்காடு சரியாகப் போட்டனர். கலந்து பயின்றோர் 60 விழுக்காடுதான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் நிலைமை தலைகீழாயிற்று. பிரித்துப் பயின்றவர்களுக்கு 20 விழுக்காடு, கலந்து பயின்றவர்களுக்கு 63 விழுக்காடு! பயிற்சியின்போது சரளமாக வருவது நம்மை ஏமாற்றிவிடும் என்று இதற்குப் பொருள். என் மாணவனுடைய நோட்டின் கதையும் இதுவே.

கம்பம் பள்ளத்தாக்கில் முறைப்பாசனம் அறியாதவர் இல்லை. ஒரு வயலுக்கே எல்லா நாளும் நீர் பாய்ச்சிவிட்டு அடுத்த வயலுக்குப் போவதில்லை. முறை வைத்துத் திரும்பத் திரும்பப் பாய்ச்சுகிறோம். மூன்று பாடங்களையும் அப்படி முறை வைப்பதுதான் இப்போது நான் மாணவர்களுக்குச் சொல்லும் திட்டம். ஏப்ரல் இறுதியில் தேர்வு என்றால் மார்ச் நடுவில் தொடங்க வேண்டும். நாளுக்கு இரண்டு மணி நேரம் போதும்.

முதல் வாரத்தின் முதல் நாள் எதையும் படிக்கக்கூடாது. பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, புத்தகத்தை மூடிவைத்து, மூன்று மணி நேரம் எழுதவேண்டும். வராத கணக்குகளை மறுநாள் மூன்றாகப் பிரிக்கவேண்டும். முறையே தெரியாதவை முதல் வகை. முறை தெரிந்தும் எது பொருந்தும் என்று தோன்றாதவை இரண்டாம் வகை. குறி மாறியது, கூட்டல் தவறியது என்பவை மூன்றாம் வகை. இவ்வகைகளுக்கு மருந்து வேறு வேறு. முதலாவதற்குப் பாடத்தைப் படிக்கவேண்டும். இரண்டாவதற்குக் கலந்து பயிலவேண்டும். மூன்றாவதற்குச் சரிபார்க்கும் வழக்கம் வேண்டும். பெரும்பாலோர் மூன்றுக்கும் முதல் மருந்தையே உட்கொள்கின்றனர்.

அந்த வாரத்தின் எஞ்சிய நாள்கள் தொகையிடலுக்கு. பகுதித் தொகையிடல், பகுதிப் பின்னங்கள், பிரதியிடல் என்ற மூன்றும் கைவந்தால் போதும். வகைக்கெழுச் சமன்பாட்டில் சிக்குகிறவர்களில் பலர் உண்மையில் சிக்குவது அதன் இடையில் வரும் தொகையிடலில்தான். ஆகவேதான் இதை முதலில் வைக்கிறேன்.

இரண்டாம் வாரம் அணிகள்: தரம், நேரியல் சமன்பாட்டுத் தொகுதி, ஐகன் மதிப்புகள், கெய்லி–ஹாமில்டன் தேற்றம். இங்கு சரிபார்ப்பு மிக எளிது. ஐகன் மதிப்புகளின் கூடுதல் முதன்மை மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதலுக்குச் சமம்; அவற்றின் பெருக்கல் அணிக்கோவைக்குச் சமம். அரை நிமிட வேலை. இதைச் செய்யாமல், தவறான ஐகன் மதிப்புக்கு ஐகன் திசையன் தேடி அரைமணி நேரத்தை இழப்போர் பலர்.

இந்த வாரம் முதல் சனிக்கிழமை குலுக்கல் நாள். அதுவரை படித்த பகுதிகளிலிருந்து முப்பது கணக்குகளைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். பத்துச் சீட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எந்த முறை, ஏன் என்று ஒரு வரி மட்டும் எழுதுங்கள். பிறகு அவற்றில் நான்கை முழுமையாகப் போடுங்கள். தவறியது டப்பாவுக்கே திரும்பும். வாரந்தோறும் புதிய சீட்டுகள் சேரும், பழையவை வெளியேறா.

மூன்றாம் வாரம் முதல்வரிசைச் சமன்பாடுகள். x y' + 2y = x³ என்பதை எடுத்துக்கொள்வோம். முதலில் x-ஆல் வகுத்து y' + (2/x) y = x² என்று மாற்றவேண்டும். வகுக்க மறந்து தொகையீட்டுக் காரணியை e²ˣ என்று எழுதுவது வழக்கமான தவறு. சரியான காரணி x². ஆகவே x² y = x⁵/5 + C; y = x³/5 + C/x². மாறிலியைக் கடைசியில் நினைவு வந்து ஒட்டவைப்போர் y = x³/5 + C என்று எழுதிவிடுவர். சமன்பாட்டில் இட்டுப் பாருங்கள்: இடப்பக்கம் x³ + 2C என வருகிறது; உபரியாக நிற்கும் 2C தவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நான்காம் வாரம் மாறிலிக் கெழுக்கள் கொண்ட இரண்டாம் வரிசைச் சமன்பாடுகள். இதை விரித்துரைக்கத் தேவையில்லை. பொறி ஒன்றுதான். y'' − 3y' + 2y = e²ˣ போன்றவற்றில், வலப்பக்கம் ஏற்கெனவே நிரப்புச் சார்பில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இங்கு இருக்கிறது. எனவே A e²ˣ உதவாது; x-ஐச் சேர்த்து A x e²ˣ என்று எடுத்தால் A = 1 என்று கிடைக்கும்.

ஐந்தாம் வாரம்தான் இத்திட்டத்தின் இதயம். மூன்று பாடங்களும் ஒரே கணக்கில் சந்திக்கும் வாரம் இது. நம் பகுதித் திராட்சைத் தோட்டம் ஒன்றில் ஆயிரம் லிட்டர் கொள்ளளவுள்ள இரு தொட்டிகள் நிறைந்து நிற்பதாகக் கற்பனை செய்வோம். முதல் தொட்டியில் 20 கிலோ உரம் கரைந்துள்ளது. இரண்டாவதில் வெறும் நீர். நிமிடத்துக்கு 30 லிட்டர் நல்ல நீர் முதல் தொட்டிக்கு வருகிறது. முதலிலிருந்து இரண்டாவதற்கு 40 லிட்டர் போகிறது. இரண்டாவதிலிருந்து 10 லிட்டர் முதலுக்குத் திரும்புகிறது, 30 லிட்டர் சொட்டுக் குழாய்க்குச் செல்கிறது. இரண்டிலும் வரவும் செலவும் சமம் என்பதால் நீர் மட்டம் மாறாது. தொட்டிகளில் நீர் எப்போதும் நன்கு கலந்திருப்பதாகக் கொள்வோம். நடைமுறையில் இது முழு உண்மையன்று, கணக்குக்குப் போதும்.

நேரத்தை 100 நிமிடம் ஓர் அலகு என்று அளந்தால், உர அளவுகள் x, y இவ்வாறு மாறும்:

x' = −4x + y
y' = 4x − 4y

இதன் அணியில் மூலைவிட்டக் கூடுதல் −8, அணிக்கோவை 16 − 4 = 12. சிறப்பியல்புச் சமன்பாடு λ² + 8λ + 12 = 0. ஐகன் மதிப்புகள் −2, −6. கூட்டினால் −8, பெருக்கினால் 12, சரி. −2-க்கு ஐகன் திசையன் (1, 2). −6-க்கு (1, −2). தொடக்கத்தில் x = 20, y = 0 என்பதைக் கொண்டு இரு மாறிலிகளும் 10 எனக் காணலாம். ஆகவே

x = 10e⁻²ᵗ + 10e⁻⁶ᵗ
y = 20e⁻²ᵗ − 20e⁻⁶ᵗ

பலர் இங்கே பேனாவை மூடிவிடுவர். நாம் இன்னும் இரு கேள்விகள் கேட்போம். இரண்டாம் தொட்டியில் உரம் எப்போது மிக அதிகம்? y' = 0 என்று வைத்தால் e⁴ᵗ = 3; t = 0.275, அதாவது சுமார் 27½ நிமிடம். அப்போது y ஏறத்தாழ 7.7 கிலோ. இரண்டாம் சமன்பாட்டின்படி y' = 0 ஆகும்போது x-உம் y-உம் சமமாக இருக்கவேண்டும்; x-ஐக் கணக்கிட்டால் அதுவும் 7.7! அடுத்து, மொத்தம் எவ்வளவு உரம் செடிகளுக்குப் போகும்? வெளியேறும் வேகம் நம் அலகில் 3y. அதைப் பூச்சியத்திலிருந்து முடிவிலி வரை தொகையிட்டால் 3 × (20/2 − 20/6) = 30 − 10 = 20 கிலோ. போட்டது முழுவதும் வெளியே வந்துவிட்டது. இந்த 20 வராவிட்டால் எங்கோ பிழை இருக்கிறதென்று விடைப்பட்டியல் இல்லாமலே தெரிந்துகொள்ளலாம்.

இந்த வாரம் இத்தகைய கணக்குகள் நான்கைந்து போதும். ஓட்ட அளவுகளை மாற்றி நீங்களே உருவாக்கலாம். ஒன்று கவனியுங்கள்: எண்களைக் கண்டபடி மாற்றினால் ஐகன் மதிப்புகள் வர்க்கமூலங்களோடு வந்து கை சோரும். போக்கு 40, திரும்பல் 10 ஆகியவற்றின் பெருக்கல் 400 என்ற முழு வர்க்கமாக இருந்ததால்தான் நம் கணக்கு இனிதாக முடிந்தது.

ஆறாம் வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் முழு வினாத்தாள். எழுத்துத் தேர்வு மூன்று மணி நேரம், 75 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 2.4 நிமிடம், பத்து மதிப்பெண் வினாவுக்கு 24 நிமிடம். அதைத் தாண்டினால் இடம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும். இடைப்பட்ட நாள்களில் முதல் வாரத்தில் பிரித்த அதே மூன்று வகைகளாகத் தவறுகளைப் பிரித்துப் பாருங்கள். இரண்டாம் வகை குறைந்திருந்தால் திட்டம் வேலை செய்திருக்கிறது. முதல் வகையே இன்னும் நிறைய இருந்தால் குலுக்கலை நிறுத்திவிட்டு அந்தப் பாடத்தைப் படிக்கவேண்டும். கல்லாத முறையைக் கலந்து பயின்று பயனில்லை. தேற்றங்களின் நிறுவலுக்கும் இத்திட்டம் அதிகம் உதவாது. அவற்றைத் தனியே எழுதிப் பார்க்கத்தான் வேண்டும்.

"பத்து நாள்தான் இருக்கிறது சார்" என்று வருபவர்களும் உண்டு. அவர்களை நான் இரண்டாம் வரிசைச் சமன்பாடுகளில் தொடங்கச் சொல்லமாட்டேன். முதல் நாள் பழைய வினாத்தாள், அடுத்த மூன்று நாள் அணிகளும் தொகையிடலும், பிறகு இரண்டு நாள் முதல்வரிசைச் சமன்பாடுகள், அதன்பின் எஞ்சிய நாள்களில் அந்த டப்பா.