சமையலறை வாசலில் உறையும் கால்கள்

பார்க்கின்சன் நோய்க்கு ஐந்து ஆண்டுகளாக மருத்துவம் பெற்றுவரும் 64 வயது அம்மையார் ஒருவர், கூடத்தில் ஓரளவு இயல்பாகவே நடக்கிறார். சமையலறை வாசலை அடைந்ததும் அவருடைய கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகின்றன. உடல் மட்டும் முன்னே சாய்கிறது. அண்மையில் பால் பாத்திரத்துடன் அவ்வாறே விழுந்தார். நல்வாய்ப்பாகப் பால் ஆறியிருந்தது.

இதனை ‘நடை உறைதல்’ என்கிறோம். சிந்திக்காமலேயே தொடர்ந்து அடி வைப்பதற்கு மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருள் தேவை. அது குறையும்போது இத்தானியங்கி நடை தடைப்படுகிறது. குறுகிய வாசல், திரும்பும் இடம், அவசரம், கைச்சுமை ஆகியவை தடையைத் தூண்டுகின்றன. ஆனால் கண்ணால் பார்த்து, எண்ணி வைக்கும் அடிக்கு மூளை வேறு வழியைப் பயன்படுத்துகிறது. அதனால்தான் ஒரு கோட்டைத் தாண்டச் சொன்னால், நின்ற கால் நகர்கிறது.

அம்மையாரின் வாசலில் இருந்த மிதியடியை அகற்றி, தரையின் நிறத்திலிருந்து வேறுபட்ட ஒட்டுநாடாவைக் காலடித் தூரத்திற்கு ஒன்றாகக் குறுக்கே ஒட்டச் சொன்னோம். கால் உறைந்தால் முதலில் நிற்க வேண்டும். பின் நிமிர்ந்து, உடல் எடையை இடமும் வலமுமாக மாற்றி, ‘ஒன்று, இரண்டு’ என எண்ணிக் கோட்டைத் தாண்ட வேண்டும். உடனிருப்போர் கையைப் பிடித்து இழுக்கலாகாது. இழுத்தால் உடல் முன்வந்து கால் பின்தங்கிவிடும். திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுழலாமல், அரைவட்டமாக நடந்து திரும்புவது நல்லது.

இந்நோயின் நடுக்கம் பெரும்பாலும் கை ஓய்வாக இருக்கும்போது மிகுந்து, வேலை செய்யும்போது குறையும். ஆயினும் பாத்திரத்தைச் சற்று நேரம் ஏந்தி நின்றால் மீண்டும் தோன்றலாம். ஆகவே சூடான பாத்திரத்தைத் தூக்கிச் செல்லாமல் மேடைமீதே நகர்த்துங்கள். குவளையைப் பாதியளவே நிரப்புங்கள். சோற்றுக் கஞ்சி வடிப்பதை மற்றவரிடம் விட்டுவிடுங்கள். காய் நறுக்குவதை உட்கார்ந்து செய்யலாம். தொங்கும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

லெவோடோபா மாத்திரை பொதுவாக அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் பலன் தரத் தொடங்கும். சமையலையும் உடற்பயிற்சியையும் அந்த நல்ல நேரத்திற்கு ஒதுக்குங்கள். சுவரோரம் நின்று, எண்ணியபடி முழங்காலை உயர்த்தி அடி வைப்பதும், உறுதியான நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்வதும் அம்மையாரின் அன்றாடப் பயிற்சிகள். அருகில் ஒருவர் இருப்பது அவசியம்.

மாத்திரை உண்ட நேரத்தையும் கால் உறைந்த நேரத்தையும் ஒரு வாரம் குறித்து வாருங்கள். அம்மையாரின் குறிப்பேட்டில், அடுத்த மாத்திரைக்கு முந்தைய ஒரு மணி நேரத்திலேயே உறைதல் மிகுந்திருந்தது. மருந்தின் பலன் தீர்ந்துவருவதை அது காட்டியதால் இடைவெளியைக் குறைத்தோம். எல்லோருக்கும் இது பொருந்தாது. சிலருக்கு மருந்து வேலை செய்யும்போதும் கால் உறைவதுண்டு. ஆதலால் நீங்களாகவே மாத்திரையைக் கூட்டவோ, திடீரென நிறுத்தவோ வேண்டா. அடுத்த வருகையின்போது அக்குறிப்பேட்டைக் கொண்டு வாருங்கள்.