பகல் இரண்டு மணித் தேர்வும் இரவு ஷிஃப்ட்காரரின் கடிகாரமும்

செப்டம்பர் மாத சிஏ இன்டர்மீடியட் தேர்வு நெருங்க நெருங்க, வாசகர் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. சென்னை ஓஎம்ஆர் சாலை அலுவலகங்களில் அமெரிக்க நிறுவனங்களின் கணக்கு வேலையை இரவு முழுக்கப் பார்ப்பவர்கள், எந்த நேரத்தில் உட்கார்ந்து படிப்பது என்று கேட்கிறார்கள். அதிகாலை வீடு திரும்பியதும் படித்துவிட்டுத் தூங்குவதா, தூங்கி எழுந்து படிப்பதா? விடுமுறை நாளில் மற்றவர்களைப் போல இரவில் தூங்கலாமா? இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதலாமா?

தாம்பரத்தில் இருந்து எழுதிய வாசகி ஒருவரின் நிலையை வைத்தே இதைப் பார்ப்போம். அவருக்கு ஷிஃப்ட் மாலை 6.30 முதல் அதிகாலை 3.30 வரை. பணி நியமனக் கடிதம் இதை ஒன்பது மணி நேர வேலை என்கிறது. ஆனால் கேப் வீட்டு வாசலுக்கு வருவது மாலை 5 மணிக்கு. மூன்று பேரை இறக்கிவிட்டு அவரைக் கொண்டுவந்து சேர்ப்பது அதிகாலை 5 மணிக்கு. நிறுவனத்தின் கணக்கில் ஒன்பதாக இருப்பது அவருடைய வாழ்க்கையில் பன்னிரண்டு. அட்டவணையை மிச்சமுள்ள பன்னிரண்டு மணி நேரத்துக்குள்தான் போட முடியும். அதில் தூக்கமும் அடக்கம்.

விடுமுறை நாளில்தான் சிக்கல்

கடிதம் எழுதிய பலர் வேலை நாட்களை ஓரளவு ஒழுங்காகவே வைத்திருக்கிறார்கள். அவர்களைக் கவிழ்ப்பது சனியும் ஞாயிறும். அந்த இரண்டு நாளும் குடும்பத்தோடு சேர்ந்து இரவு 10 மணிக்குப் படுத்து காலை 6 மணிக்கு எழுகிறார்கள். திங்கள் இரவு வேலை முடிந்து, செவ்வாய் அதிகாலை 5.30 மணிக்குத்தான் மறுபடியும் படுக்கை. படுக்கும் நேரம் ஒரே தாவலில் ஏழரை மணி நேரம் தள்ளிப்போகிறது.

உடலின் கடிகாரத்தால் அப்படித் தாவ முடியாது. தூக்கம் பிந்தும் திசையில் அது நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம்தான் நகரும். ஏழரை மணி நேரத்தை ஈடுகட்ட ஐந்து நாட்களுக்கு மேல் ஆகும். அதாவது வெள்ளிக்கிழமை வாக்கில் உடல் புது நேரத்துக்குப் பழகத் தொடங்கும். சனிக்கிழமை இரவு 10 மணிக்குப் படுத்து அதைக் கலைத்துவிடுகிறோம். வாரம் முழுவதும் உடல் ஒரு நேரத்திலும் மனிதர் இன்னொரு நேரத்திலும் இருக்கிறார்கள். பகலில் ஆறு மணி நேரம் படுத்திருந்தும் தூங்கின நிறைவு இல்லை என்று பலர் எழுதுவதற்கு இதுவே முக்கியக் காரணம். இரவில் தூங்குகிறவர்களின் உடல் வெப்பம் மிகக் குறைவாக இருப்பது அதிகாலை நான்கு, ஐந்து மணி வாக்கில். கவனமும் அப்போதுதான் அடிமட்டத்தில் இருக்கும். விடுமுறைப் பழக்கத்தால் உடலை அந்த நேரத்திலேயே நிறுத்திவைத்துவிட்டு, வேலை முடிந்து வந்த கையோடு வருமான வரிக் கணக்கைத் திறந்தால் மண்டையில் ஏறாது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. மான்செஸ்டரைச் சேர்ந்த மைனர்ஸ், வாட்டர்ஹவுஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1981-இல் வெளியிட்ட ஆய்வில், தூக்கத்தை இரண்டாகப் பிரித்தார்கள். நான்கு மணி நேரத்தைத் தினமும் ஒரே நேரத்தில் தூங்கவைத்தார்கள். மிச்ச நான்கு மணி நேரத்தை நாளுக்கு ஒரு நேரமாக மாற்றினார்கள். மாறாத அந்த நான்கு மணி நேரமே உடலின் கடிகாரத்தை 24 மணிச் சுற்றில் பிடித்து நிறுத்தியது. நங்கூரத் தூக்கம் என்று அதற்குப் பெயர். பின்னாளில் சிகாகோவில் சார்மேன் ஈஸ்ட்மன் குழுவினர் இதே திசையில் மேலும் போனார்கள். நிரந்தர இரவு வேலைக்கு ஒத்த அவர்களுடைய அட்டவணையில், வேலை நாட்களில் காலை 8.30 மணிக்கும் விடுமுறை நாட்களில் பின்னிரவு 3 மணிக்கும் படுக்கை. முழுக்க இரவுப் பறவையாகவும் இல்லாமல், முழுக்கப் பகல் மனிதராகவும் இல்லாமல் நடுவில் ஓர் இடத்தில் உடலை நிறுத்தினார்கள். அந்த இடத்துக்கு வந்தவர்களுக்குக் களைப்பு குறைந்தது, இரவு நேரச் செயல்திறனும் மேம்பட்டது.

நம் வாசகிக்கு இது சற்று எளிது. அவருடைய ஷிஃப்ட் 3.30 மணிக்கே முடிகிறது. வேலை நாட்களில் 5.30 முதல் 12 வரையும், சனி, ஞாயிறு இரவுகளில் 2.30 முதல் 10 வரையும் தூங்கினால், 5.30 முதல் 10 வரையிலான நாலரை மணி நேரம் ஏழு நாளும் பொதுவாக அமையும். அதுவே அவருடைய நங்கூரம். சனிக்கிழமை இரவு 2.30 வரை விழித்திருப்பது குடும்பத்துக்குப் புரியாது. வீட்டில் உட்காரவைத்து விளக்கிச் சொல்லத்தான் வேண்டும். இதை விட்டுக்கொடுத்தால் கீழே உள்ள அட்டவணை நிற்காது.

வேலை நாள்

அதிகாலை 5.00: வீடு. அன்று படித்ததன் சுருக்கம் உள்ள ஒரே ஒரு தாளைப் பத்து நிமிடம் பார்ப்பது. புதிய பாடம் கூடாது.

5.30 – 12.00: தூக்கம். ஜன்னலுக்குக் கனமான திரை, ஃபோன் வேறு அறையில்.

12.00 – 1.00: குளியல், வெளிச்சத்தில் சிறிது நேரம், பாதி வயிற்றுக்குச் சாப்பாடு. எழுந்த முதல் அரை மணி நேரத்தில் மூளை தெளியாது. அதைப் படிப்பில் சேர்க்க வேண்டாம்.

1.00 – 1.45: நேற்றைய பாடத்தைப் புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்ப்பது.

1.45 – 4.15: அன்றைய முக்கியப் பாடம். அட்வான்ஸ்டு அக்கவுண்டிங், டாக்ஸேஷன் போன்ற கணக்குப் பாடங்கள் இங்கேதான். நடுவில் பத்து நிமிட இடைவெளி.

4.15 – 5.00: மிச்சச் சாப்பாடு, கிளம்புதல்.

5.00 – 6.30: கேப். இருபது நிமிடம் கண்ணயரலாம்.

இரவு 11 மணி இடைவேளை: இருபது நிமிடம் கம்பெனிச் சட்டத்தின் கொள்குறி வினாக்கள். காபி நள்ளிரவோடு சரி. காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். 2 மணிக்குக் குடித்த காபியில் பாதி காலை 7 மணிக்கும் உடலில் இருக்கும்.

இந்த அட்டவணையின் மையம் 1.45 என்ற நேரம். இன்டர்மீடியட் தேர்வு பகல் 2 முதல் 5 வரை. வினாத்தாளைப் படிக்க 1.45-க்குக் கொடுக்கிறார்கள். மூன்று மாதம் தினமும் அதே நேரத்தில் கடினமான கணக்கைப் போட்டுப் பழகியவருக்குத் தேர்வறை நேரம் புதிதாக இருக்காது. இரவு ஷிஃப்ட்டில் இருப்பவருக்குத் தற்செயலாகக் கிடைத்த இந்த ஒரு சாதகத்தை, காலையில் வந்ததும் படிக்கிறவர்கள் வீணாக்கிவிடுகிறார்கள்.

சனிக்கிழமை பகலும் இதேபோல; ஆனால் கேப் இல்லை, ஆகவே இரவு 9 முதல் 11 வரை சட்டமோ தணிக்கையோ படிக்கலாம். ஞாயிறு 11 முதல் 1 வரை வாரத்தின் பிழைகளைத் திருத்துவது. 2 முதல் 5 வரை கடிகாரம் வைத்து ஒரு முழு மாதிரித் தேர்வு. இரவு 9 முதல் 11 வரை அதைத் திருத்துவது.

இருபத்தைந்து மணி நேரத்தின் கணக்கு

வேலை நாட்களில் நிகரமாக மூன்று மணி நேரம், ஐந்து நாளில் பதினைந்து. சனி ஐந்து, ஞாயிறு ஏழு. காய்ச்சல், கல்யாணம், தாமதமாக வந்த கேப் எல்லாம் போக வாரம் 25 மணி நேரம் என்று வையுங்கள். பன்னிரண்டு வாரத்துக்கு 300 மணி நேரம். மூன்று பாடங்களுக்குத் தலா நூறு. ஏற்கெனவே ஒருமுறை வகுப்பில் கேட்ட பாடத்தைத் திருப்புவதற்கு இது போதும். ஆறு பாடத்துக்குத் தலா ஐம்பதாகப் பிரித்தால் போதாது.

இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதினால் ஒரு பாடத்தின் அதிக மதிப்பெண் இன்னொன்றின் குறையை ஆறு பாடங்களுக்கு இடையே ஈடுகட்டும் என்று பயிற்சி மையங்கள் சொல்வது உண்மைதான். ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் என்பது விதி. ஆனால் அந்த அறிவுரை பகல் முழுவதும் படிக்கிறவருக்குச் சொல்லப்பட்டது. ஆண்டுக்கு மூன்று வாய்ப்பு என்று ஐசிஏஐ சொல்வதையும் இதே கண்ணால் பாருங்கள். மே தேர்வின் முடிவு ஜூலைத் தொடக்கத்தில் வருகிறது. செப்டம்பருக்கான விண்ணப்பம் அதை ஒட்டியே தொடங்குகிறது. தோற்றவருக்குக் கையில் இருப்பது எட்டு வாரம், நம் கணக்கில் 200 மணி நேரம். வேலைக்குப் போகிறவருக்கு ஆண்டில் இரண்டு வாய்ப்பு என்று எடுத்துக்கொள்வதே சரி.

அட்டவணை தவறுகிறது என்பதை எப்படி அறிவது? பகல் 1 மணிக்கு எழுதும் தாள் காட்டிக்கொடுக்கும். தொடர்ந்து மூன்று நாள், நேற்றுப் படித்ததில் பாதிகூட எழுத வரவில்லை என்றால் படிப்பைக் கூட்டாதீர்கள். அந்த வாரம் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று எண்ணுங்கள். பெரும்பாலும் விடை அங்கே கிடைக்கும்.

கடைசிப் பத்து நாள்

12 மணிக்கு எழுபவர் 2 மணித் தேர்வுக்கு ஓட முடியாது. தேர்வுக்கு நான்கு நாள் முன்பே விடுப்பில் இருந்து, எழும் நேரத்தைத் தினமும் ஒரு மணி நேரம் முன்னுக்குக் கொண்டுவந்து 8 மணிக்கு நிறுத்துங்கள். எழுந்ததும் உடலில் வெயில் படவிடுங்கள். தேர்வுகள் பொதுவாக ஒருநாள் விட்டு ஒருநாள் நடக்கும். அந்த இடைநாட்களில் வேலைக்குப் போவது இதுவரை செய்த அனைத்தையும் கெடுத்துவிடும்.

மற்ற கேள்விகள்

ஜனவரித் தேர்வு என்றால்? நவம்பரில் அமெரிக்கா கடிகாரத்தை மாற்றுவதால் ஷிஃப்ட் 7.30-க்குப் போகும். அட்டவணை முழுவதையும் ஒரு மணி நேரம் தள்ளுங்கள். விடியலில் வீடு திரும்புவதால் கறுப்புக் கண்ணாடி அணியுங்கள்.

வாரம் ஒருமுறை மாறும் ஷிஃப்ட்? நங்கூரம் நிற்காது. தேர்வு வரை நிலையான ஷிஃப்ட் கேளுங்கள்.

தூக்க மாத்திரை? மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

ஒரு பாடத்தில் 60 வாங்கி, குரூப் தோற்றால்? அடுத்த மூன்று தேர்வுகளுக்கு அந்தப் பாடத்தில் விலக்கு உண்டு.

பைக்கில் வீடு திரும்பலாமா? தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவருக்குச் சமம் என்று 1997-இல் ஓர் ஆய்வு காட்டியது. நம் சட்டம் அனுமதிப்பது 0.03. கேப்பிலேயே வாருங்கள்.

விண்ணப்பத்தில் ஒரு குரூப்பை மட்டும் குறியுங்கள். கட்டணம் செலுத்திய அதே நாளில், ரோஸ்டர் போடுகிறவரிடம் பத்து நாள் விடுப்பை எழுத்தில் கேளுங்கள்.