பவுனுக்கு ரூ.800 ஏறினால் பில்லில் ரூ.906 ஏறுவது ஏன்? "மறைக்காமல் சொல்லுங்கள்" என்கிறார் நகை வியாபாரிகள் சங்கத் தலைவர்

"நேத்து ஒரு விலை, இன்னிக்கு ஒரு விலை. என்னண்ணே இது?"

நகைக் கடை வாசலில் தினமும் கேட்கிற கேள்வி இது. "மேலே ஏத்திட்டாங்க" என்று ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்புவதுதான் பல கடைகளில் வழக்கம்.

அந்த வழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்று டெல்டா பகுதியில் உள்ள ஒரு சிறிய ஊரின் நகை வியாபாரிகள் சங்கத் தலைவர் உறுப்பினர்களைக் கேட்டுக் கொண்டார். சங்கக் கூட்டத்தில் அவர் பேசியதாவது:-

தங்கம் விலையை நாம் நிர்ணயிப்பது இல்லை. உலகச் சந்தையில் அவுன்சுக்கு இத்தனை டாலர் என்று விலை பேசுகிறார்கள். ஒரு அவுன்சு என்பது 31 கிராமுக்குச் சற்று அதிகம். அந்த டாலரை ரூபாயாக மாற்றி, இறக்குமதி வரியைச் சேர்த்தால் நம் ஊர் விலை வந்து விடும். சென்னையில் காலையில் அறிவிக்கும் விலையை நாம் பின்பற்றுகிறோம்.

ஆகவே, விலை மாற 3 காரணங்கள் உண்டு. உலக விலை மாறலாம். ரூபாய் மதிப்பு மாறலாம். வரி மாறலாம். 2024-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி பட்ஜெட்டில் இறக்குமதி வரி 15 சதவீதத்தில் இருந்து 6 சதவீதமாகக் குறைந்தது. அன்றே இங்கே விலை சரிந்தது. லண்டன் சந்தை சூடு பிடிப்பது நமக்கு மத்தியானத்துக்கு மேல். அதனால்தான் சில நாட்களில் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. இதைச் சொல்ல 2 நிமிஷம் போதும்.

பில் கணக்கு

சண்டை வருவது போர்டில் அல்ல, பில்லில். கணக்குக்காக ஒரு கிராம் 10 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். ஒரு பவுன் சங்கிலி, அதாவது 8 கிராம். தங்கம் 80 ஆயிரம். சேதாரம் 10 சதவீதம் என்றால் 8 ஆயிரம். மொத்தம் 88 ஆயிரம். அதற்கு 3 சதவீத ஜி.எஸ்.டி. 2,640 ரூபாய். ஆக 90,640 ரூபாய்.

மறுநாள் கிராமுக்கு 100 ரூபாய் ஏறுகிறது. பேப்பரில் 'பவுனுக்கு ரூ.800 உயர்வு' என்று வருகிறது. நம் பில்லிலோ 91,546 ரூபாய் 40 காசு. கூடியது 906 ரூபாய் 40 காசு!

"அந்த 106 ரூபாய் எங்கே இருந்து வந்தது?" என்று கேட்டால் முழிக்கக் கூடாது. சேதாரத்தையும் தங்கத்தின் விலையில்தான் போடுகிறோம். அதில் 80 ரூபாய் ஏறியது. கூடிய 880 ரூபாய்க்கு வரி 26 ரூபாய் 40 காசு. நாம் தனியாக ஏற்றியது ஒன்றும் இல்லை. இதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டுங்கள். விலை 100 ரூபாய் இறங்கினால் அதே 906 ரூபாய் குறைய வேண்டும். அந்த நாளில் சேதார சதவீதத்தைக் கூட்டி வைத்தால் அது மோசடி.

அட்வான்ஸ்

கல்யாண நகைக்கு 40 ஆயிரம் அட்வான்ஸ் வாங்குகிறோம். நகை கொடுப்பதற்குள் விலை ஏறி விடுகிறது. "அன்னிக்கு விலைக்குத் தானே பேசினோம்?" என்று பெண்ணின் தகப்பனார் கேட்கிறார். அட்வான்ஸ் கட்டிய அன்றைய விலையில் 4 கிராம் மட்டும் அவருக்கு உறுதியா, முழுப் பவுனும் உறுதியா, அல்லது கொடுக்கும் நாள் விலையா? இதை ரசீதிலேயே எழுதுங்கள். எழுதாத ரசீதுதான் வம்புக்கு வித்து.

இவ்வாறு அவர் பேசினார்.

எதிர்க் கேள்வி

அப்போது உறுப்பினர் ஒருவர் எழுந்து, "விலை இறங்கின உடனே போர்டை மாத்தினா, கூடுதல் விலைக்கு வாங்கி வச்ச சரக்கு நஷ்டம் ஆகாதா, தலைவரே?" என்று கேட்டார்.

"விலை ஏறினப்போ பழைய சரக்கைப் பழைய விலைக்கா வித்தீங்க?" என்று தலைவர் திருப்பிக் கேட்டார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

"வித்த கிராமை அன்னிக்கே திரும்ப வாங்கி வச்சிடுங்க. கிராம் குறையாது. ஆனா, கடனுக்குச் சரக்கு எடுத்தவங்களுக்கு இறங்கு முகத்தில் அடி உண்டு. அது நம்ம தொழில் கஷ்டம். அதை வாங்க வர்றவங்க தலையில் கட்டக் கூடாது" என்றார் அவர்.

போர்டில் விலையோடு அது எழுதிய நேரத்தையும் போட வேண்டும் என்றும் அவர் கேட்டுக் கொண்டார்.