கிரிவலத்தில் ஒன்றாய் முடிக்க

திருவண்ணாமலை கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். நண்பர்கள் இருவரில் ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவர், மற்றவர் 4. மெதுவாக நடப்பவர் எவ்வளவு முன்னதாகக் கிளம்பினால் இருவரும் ஒரே நேரத்தில் முடிப்பார்கள்?

வேகத்தை விட்டுவிட்டு, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று பாருங்கள். ஒருவருக்கு 12, மற்றவருக்கு 15. கிலோமீட்டருக்கு 3 நிமிட வித்தியாசம். 14-ஆல் பெருக்கினால் 42. மெதுவானவர் மாலை 6 மணிக்கும், மற்றவர் 6.42-க்கும் புறப்பட்டால், இருவரும் 9.30-க்கு முடிப்பார்கள்.

சறுக்குவது பெரும்பாலும் அந்த 15-இல்தான். முதல் கிலோமீட்டரை யாரும் சுறுசுறுப்பாகத்தான் நடப்பார்கள். அதை வைத்துக் கணக்கிடக் கூடாது. கால் வலித்து, சராசரி 16 நிமிடமானால் மொத்தத்தில் 14 நிமிடம் தாமதம். ஆகவே முன்பே ஏழெட்டு கிலோமீட்டர் நடந்து பார்த்து, அந்தச் சராசரியை எடுப்பது நல்லது. டீ குடிக்க, லிங்கங்களைத் தரிசிக்க நிற்கும் நேரத்தையும் அவரவர் கணக்கில் தனியாகக் கூட்ட வேண்டும். (டீக்கடையில் ஐந்து நிமிடம் என்பார்கள், நம்பாதீர்கள்.)

கணக்கு சரியா என்று வழியிலேயே தெரியும். இடையில் நிற்காமல் நடந்தால், 7-ஆவது கிலோமீட்டரில் இருவருக்கும் இடைவெளி 21 நிமிடமாகக் குறைந்திருக்க வேண்டும். அதைவிட மிகக் குறைவென்றால், வேகமானவர் முன்பே எட்டிப் பிடித்துவிடுவார்.