பாறசாலையில் 10:05, களியக்காவிளையில் 10:00: முன்னால் போனது எது?

பாறசாலைக் கேமராவில் ஒரு கார் 10:05-க்குப் பதிவாகிறது, எல்லை தாண்டியுள்ள களியக்காவிளைக் கேமராவில் அதே கார் 10:00-க்குப் பதிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். நேரத்தை மட்டும் பார்த்தால் கார் தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குள் வந்திருக்கிறது. உண்மையில் அது கேரளத்திலிருந்து வெளியேறி, 10:12-க்குத்தான் களியக்காவிளையை அடைந்தது. அங்குள்ள கடிகாரம் 12 நிமிடம் பிந்தியிருந்ததால், பயணத்தின் திசையே தலைகீழானது. குவார்ட்ஸ் கடிகாரம் நாளுக்கு 2 வினாடி பிசகினாலே, ஒரு வருடத்தில் 12 நிமிடம் ஆகிவிடும்.

இதைத் திருத்துவது NTP என்ற முறை. கேமரா தன் கடிகாரப்படி 10:00:00-க்கு நேர சர்வரிடம் நேரம் கேட்கிறது, பதில் 10:00:00.10-க்கு வந்து சேர்கிறது. சர்வர் இட்ட முத்திரை 10:12:00.05. போய்வர ஆன 0.10 வினாடியில் பாதியைக் கழித்தால், பிசகு சரியாக 12 நிமிடம். போகும் வழியும் வரும் வழியும் சமமாக இல்லாவிட்டாலும், தவறு 0.05 வினாடியைத் தாண்டாது.

பிசகைப் பிறகு அளந்து கழித்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். கடிகாரத்தை இடையில் யாரும் தொடவில்லை என்றால் ஓரளவு முடியும். ஆனால் மின்தடைக்குப் பின் யாராவது கையால் நேரம் வைத்திருந்தால், இன்றைய பிசகு அன்றைய பிசகாகாது. அதனால் கடிகாரம் எப்போதும் சரியாக இருக்க வேண்டும்; 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவும், நிறுவனங்களின் கணினிகள் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு இணைந்திருக்க வேண்டும் என்கிறது. நேரம் திருத்தப்பட்ட ஒவ்வொரு முறையும் பதிவில் இருந்தால்தான், அந்த 10:05-ஐ நம்பலாமா என்று விசாரிப்பவருக்குத் தெரியும்.