திருப்பி அனுப்பிய மூன்று மின்விசிறிகள்

மதுரையில் ஒரு மின்சாதனக் கடை. கோவை மொத்த வியாபாரியிடம் 20 மின்விசிறிகள், ஒன்று 2,000 ரூபாய் வீதம் வாங்குகிறது. சரக்கு 40,000, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் 7,200, ஆக 47,200 ரூபாய்க்கு பில் பதிவாகிவிட்டது. அப்புறம்தான் மூன்று விசிறிகள் சுற்றவில்லை என்று தெரிகிறது.

பழைய பதிவை அழிக்கவோ திருத்தவோ கூடாது. பில் எண்ணைக் குறிப்பிட்டு டெபிட் நோட் போட்டு, சரக்கை அனுப்ப வேண்டும். பதிவு இப்படி: வியாபாரி கணக்கில் பற்று 7,080, கொள்முதல் திருப்பத்தில் வரவு 6,000, உள்ளீட்டு மத்திய வரியில் வரவு 540, மாநில வரியில் வரவு 540.

பலர் கோட்டைவிடுவது இந்தக் கடைசி 1,080-ல்தான். 6,000 மட்டும் எழுதினால், திருப்பி அனுப்பிய சரக்குக்கும் வரிச்சலுகை எடுத்ததாகவே கணக்கு நிற்கும். வியாபாரி அனுப்பும் கணக்கு அறிக்கையோடு ஒப்பிட்டால், நம் ஏட்டில் அவருக்கு 1,080 ரூபாய் கூடுதலாகத் தர வேண்டியிருப்பதாகக் காட்டும்.

நம் டெபிட் நோட்டால் மட்டும் அவர் வரி குறையாது. அவர் கிரெடிட் நோட் கொடுத்து, தன் GSTR-1-ல் காட்ட வேண்டும். அது நம் GSTR-2B-யில் வந்து விழும். GSTR-3B-யில் 1,080-ஐக் கழிக்கிறோம்.

இதற்குக் கெடு உண்டு: நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30, அல்லது அவர் ஆண்டு அறிக்கை தாக்கல் செய்யும் நாள், எது முந்தியோ அது. தாண்டினால் அவரால் வரியைக் குறைக்க முடியாது. பிறகு 6,000 ரூபாய்க்கு மட்டும் கிரெடிட் நோட் தர முன்வருவார். வரிக்காகப் பேரம் தொடங்கும்.